தேதி, கேமரா, இடம்: ஒரு விவரப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம்?

சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் மதுரைக்காரர்களின் கைபேசிகளில் ஒரு விவகாரம் தவறாமல் ஓடும். வைகையில் திரண்ட கூட்டத்தின் படம் ஒன்று வரும். "இது பழைய படம்" என்று ஒருவர் சொல்வார். படத்தை அனுப்பியவர் உடனே கேலரியைத் திறந்து, படத்தின் விவரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார். தேதி, கேமராவின் பெயர், வரைபடத்தில் மதுரை என்று ஒரு சிவப்புப் புள்ளி. வாதம் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். அப்படி அடங்குவது சரிதானா என்பதுதான் இங்கே கேள்வி. அதைப் பார்க்க இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஒன்று திருவிழாப் படம், மற்றொன்று நூறு நாள் வேலைப் படம்.

முதல் மாதிரியின் விவரப் பக்கத்தில் உள்ளவை இவை: 12 மே 2025, காலை 5:55. கேனான் ஈஓஎஸ் 1500டி. ƒ/5.6, 1/500, 55 மி.மீ., ஐஎஸ்ஓ 100. 6000 × 4000. இடம் மதுரை. படத்தில் வைகை மணல், ஏ.வி. பாலத்தின் ஓரம், தலைகள், தலைகளுக்கு மேல் பீய்ச்சும் தண்ணீர். 2025-இல் கள்ளழகர் ஆற்றில் இறங்கியது மே 12 அதிகாலையில்தான். எனவே மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது.

முதலில் இந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். கேமரா ஒரு படத்தைச் சேமிக்கும்போது கோப்பின் தலைப்பகுதியில் சில குறிப்புகளையும் எழுதி வைக்கிறது. எக்சிஃப் எனப்படும் இந்த முறையை ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று 1995-இல் வகுத்தது. படம் சான்றாக நீதிமன்றத்துக்குப் போகும் என்று எண்ணி வகுத்ததல்ல. அச்சுக்கடையும் கணினியும் படத்தைச் சரியாகக் கையாளட்டும் என்பதுதான் நோக்கம். அதனால் அதில் பூட்டும் இல்லை, முத்திரையும் இல்லை. விண்டோஸில் படத்தின் மேல் வலது சொடுக்கு போட்டு, விவரங்கள் பகுதியில் தேதியைத் தொட்டு வேறு தேதியை எழுதிவிடலாம். ஐபோனின் படச் செயலியில் மேலே தள்ளினால் வரும் பக்கத்திலேயே தேதியைத் திருத்தவும் இடத்தைத் திருத்தவும் பொத்தான் இருக்கிறது. மறைவான கருவி எதுவும் வேண்டாம்.

திருத்துவது எளிது என்பதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விவரப் பக்கம் கோப்பில் எழுதியதை அப்படியே காட்டும் கண்ணாடி அல்ல. கோப்பில் இருப்பதையும், செயலி தானாக ஊகித்ததையும், பயனர் சேர்த்ததையும் கலந்து ஒரே எழுத்துருவில் காட்டுகிறது. கூகுள் போட்டோஸ் படத்தில் இடக்குறிப்பு இல்லாவிட்டால் வேறு தடயங்களைக் கொண்டு இடத்தை ஊகித்துப் போடும். படத்தில் தெரியும் கோபுரமோ பாலமோகூட அதற்குத் தடயமாகலாம். ஊகம் என்று சிறிய எழுத்தில் சொன்னாலும் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். தேதியும் அப்படித்தான். கோப்பில் எடுத்த தேதி இல்லையென்றால் பல கேலரிகள் கோப்பு கைபேசியில் வந்து சேர்ந்த தேதியை அந்த இடத்தில் காட்டுகின்றன. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் எக்சிஃப் குறிப்புகள் உதிர்ந்துவிடும். 2019-இல் எடுத்த அழகர் படம் நேற்று வாட்ஸப்பில் வந்திருந்தால் விவரப் பக்கம் நேற்றைய தேதியைக் காட்டும். பொய் சொல்ல யாரும் முயலவில்லை, ஆனாலும் தேதி பொய். நம் ஊரில் நடக்கும் பெரும்பாலான தேதிக் குழப்பம் இந்த வகைதான், மோசடி அல்ல என்பது என் கணிப்பு. இதைக் கண்டுபிடிப்பதும் எளிது: அத்தகைய பக்கத்தில் தேதி இருக்கும், கேமராவின் பெயரும் ஒளி அளவுகளும் இருக்காது. கோப்பின் பெயர் `IMG-20250512-WA0031.jpg` என்ற வாய்ப்பாட்டில் இருந்தால் அதிலுள்ள எட்டு எண்களும் வாட்ஸப் வழியே வந்த நாள், எடுத்த நாள் அல்ல.

நம் முதல் மாதிரியில் கேமராவும் ஒளி அளவும் இருக்கின்றன. ஆகவே இது வாட்ஸப்பில் உதிர்ந்த படம் அல்ல. 6000 × 4000 என்பதும் அந்தக் கேமராவின் முழு அளவு. வாட்ஸப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைப் பலமடங்கு சுருக்கிவிடும். பெரிய கேமராவின் பெயர் போட்டு, அருகில் 1600 × 1067 என்று இருந்தால், நடுவில் யாரோ ஒருவர் அளவை மாற்றியிருக்கிறார் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். இங்கே அந்தச் சந்தேகமும் இல்லை.

இடத்தில்தான் முதல் இடறல். ஈஓஎஸ் 1500டி கேமராவுக்குள் ஜிபிஎஸ் கிடையாது. தனிக் கருவியையோ கைபேசிச் செயலியையோ இணைத்தால்தான் அது இடத்தை எழுதும். கல்யாண வீடியோக்காரரோ திருவிழாவுக்கு வந்த உறவினரோ அப்படி இணைத்து வைத்திருப்பது அபூர்வம். ஆக, மதுரை என்ற வரி கேமரா சொன்னதல்ல. செயலி ஊகித்ததாகவோ அனுப்பியவர் கையால் போட்டதாகவோ இருக்கும். கேமராவின் பெயரைப் படிப்பதன் உண்மையான பயன் இதுதான். அந்தக் கருவியால் என்ன முடியும், எது முடியாது என்று தெரிந்தால் மற்ற வரிகளைச் சோதிக்கலாம்.

அடுத்தது நேரம். மே 12 அன்று மதுரையில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 5:57-க்கு. 5:55-க்கு வானம் வெளுத்திருக்கும், ஆனால் வெயில் இல்லை, தரையில் நிழல் விழாது. அந்த வெளிச்சத்தில் ƒ/5.6 துளையும் ஐஎஸ்ஓ 100-ம் வைத்து எடுத்தால் ஷட்டர் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். விவரப் பக்கமோ ஐந்நூறில் ஒரு பங்கு என்கிறது. அதாவது சுமார் எண்பது மடங்கு கூடுதலான வெளிச்சம் இருந்திருக்கிறது. அந்த அளவு மெல்லிய மூட்டத்தோடு அடிக்கும் வெயிலுக்குரியது. படத்தைப் பார்த்தால் மணலில் நீண்ட, கூர்மையான நிழல்கள். நின்ற ஆளின் உயரத்தைப்போல இரண்டே முக்கால் மடங்கு நீளம். சூரியன் அடிவானத்திலிருந்து இருபது டிகிரி ஏறியிருந்தால் வரும் நிழல் அது.

இங்கே பலர் "அகப்பட்டான்" என்று எழுந்துவிடுவார்கள். இடம் கேமராவுடையதல்ல, நேரம் வெளிச்சத்தோடு ஒட்டவில்லை. ஆனால் மே 12 அன்று மதுரையில் சூரியன் இருபது டிகிரி ஏறும் நேரம் ஏறத்தாழ 7:25. 5:55-க்கும் 7:25-க்கும் உள்ள வித்தியாசம் சரியாக ஒன்றரை மணி நேரம். இந்திய நேரத்துக்கும் துபாய் நேரத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே ஒன்றரை மணி நேரம்தான். கைபேசி விமானத்திலிருந்து இறங்கியதும் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். கேமரா மாற்றிக்கொள்ளாது, உரிமையாளர் மாற்றினால்தான் உண்டு. எக்சிஃப்பில் நேர மண்டலத்தைக் குறிக்கத் தனி இடம் 2016-இல் வந்த பதிப்பில்தான் சேர்ந்தது. அது நிரப்பப்பட்டிருந்தாலும் விவரப் பக்கம் அதைக் காட்டுவது அரிது. வளைகுடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒருவரின் கேமராவில் எடுத்த, துளியும் திருத்தாத படம் இப்படித்தான் இருக்கும். துபாய்க் கடிகாரம் என்பது என் ஊகம்தான். ஆனால் சோதிக்கக்கூடிய ஊகம். அதே நபர் அன்று எடுத்த மற்ற பத்துப் படங்களைக் கேட்டால், எல்லாவற்றிலும் அதே ஒன்றரை மணி நேரம் பிந்தியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு படத்தை மட்டும் திருத்தியவரிடம் அந்த ஒழுங்கு இருக்காது.

தேதியையே பொய்யாக்க முனைபவரை ஊரின் நாட்காட்டி பிடித்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் ஆண்டுதோறும் மாறும். 2022-இல் ஏப்ரல் 16, 2023-இல் மே 5, 2024-இல் ஏப்ரல் 23. 2020-லும் 2021-லும் பெருந்தொற்றால் அழகர் வைகைக்கே வரவில்லை. அந்த இரு ஆண்டுத் தேதியோடு ஆற்றில் லட்சம் தலைகள் தெரிந்தால் கணக்கே போட வேண்டாம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ளும் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை வந்தது. அதற்குப் பிந்திய தேதியில், கைபேசியின் பெயரோடு, பிராகாரத்துக்குள் எடுத்ததாக ஒரு படம் வந்தால் ஒரு விளக்கம் கேட்கத்தான் வேண்டும். சூரியனும் நமக்கு ஒரு சோதனையைத் தருகிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதுரையில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், உச்சி நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஜூன் மாதத்து நண்பகல் என்று சொல்லும் படத்தில் கோபுரத்தின் நிழல் நன்றாக வடக்கே நீண்டிருந்தால் மாதம் தவறு.

இனி இரண்டாவது மாதிரி. இதற்குப் பின்னணியாக உண்மையான நிகழ்வு ஒன்று இருக்கிறது. நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவை என்எம்எம்எஸ் என்ற செயலி வழியே எடுக்கும் முறையை ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது. வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை ஆட்களை நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். நேரமும் இடமும் படத்தோடு சேர்ந்து போகும். இந்த ஏற்பாட்டை மீறி நடந்தவற்றை 2025 ஜூலையில் அதே அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையில் வரிசைப்படுத்தியது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள், ஆட்களின் எண்ணிக்கை ஒத்துப்போகாத படங்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் நமக்கு வேண்டியது ஒன்று: நேரில் ஆட்களை எடுக்காமல், ஏற்கெனவே இருந்த படத்தையே படம் பிடித்து ஏற்றியது. இனி கிராம ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் அந்தச் சுற்றறிக்கை சொன்னது.

இந்தத் தந்திரத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். தேதி உண்மை, அன்றைக்குத்தான் எடுக்கப்பட்டது. நேரம் உண்மை. கைபேசியின் பெயர் உண்மை. இடமும், எடுத்தவர் அந்த ஊரிலேயே உட்கார்ந்திருந்தால், உண்மை. யாரும் எந்தக் குறிப்பையும் தொடவில்லை. முதல் மாதிரியில் இடமும் நேரமும் முரணாக இருந்தும் படம் நேர்மையானதாக இருக்க வாய்ப்பிருந்தது. இங்கே எல்லாம் பொருந்தியும் படம் பொய். விவரப் பக்கம் பேசுவது லென்ஸ் திறந்த கணத்தைப் பற்றி மட்டுமே. லென்ஸின் முன்னால் ஆள் நின்றானா, ஆளின் படம் நின்றதா என்பது அதற்குத் தெரியாது.

அந்தச் செயலி அனுப்பும் படத்தை விட்டுவிடுவோம். அதே வேலையை ஒருவர் தன் கைபேசிக் கேமராவில் செய்து, ஆதாரமாக விவரப் பக்கத்தையும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய், காலை 11:30, தூர்வாரும் வேலை. படத்தில் கண்கூசும் வெயில், மண்வெட்டியோடு இருபது பேர். பக்கத்தில் இருக்கும் அளவுகள்: ƒ/1.8, 1/50, ஐஎஸ்ஓ 200.

கைபேசியின் துளை அகலமானது, மாறாதது. ஆகவே வெயிலில் அது ஷட்டரை மிக வேகமாக ஓட்டித்தான் வெளிச்சத்தைச் சமாளிக்க வேண்டும். ƒ/1.8 துளைக்கு உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 50 வைத்தால் ஷட்டர் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். நம் மாதிரியில் ஐஎஸ்ஓ அதைவிட நான்கு மடங்கு கூடுதல், ஷட்டர் நூறு மடங்கு மெதுவு. இரண்டையும் பெருக்கினால், லென்ஸின் முன்னால் இருந்த வெளிச்சம் வெயிலில் இருப்பதைவிட ஏறத்தாழ நானூறு மடங்கு குறைவு. கருவேல மர நிழலில் நின்று எடுத்தேன் என்று சொன்னாலும் ஒட்டாது. திறந்தவெளி நிழலில்கூட இந்த அளவைப்போல ஐம்பது மடங்கு வெளிச்சம் இருக்கும். இது குழல்விளக்கு எரியும் அறைக்குள் மேசைமேல் வைத்த ஒரு அச்சுப்படத்தை எடுத்தால் வரும் அளவு. மற்றொரு கைபேசியின் ஒளிரும் திரையை எடுத்திருந்தால் இதைவிட வேகமான ஷட்டர் வரும், ஆனாலும் வெயிலின் அளவுக்குக் கிட்டத்தில் வராது.

விவரப் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது இந்த ஒளி அளவுகளைத்தான், தேதியை அல்ல. தேதியையும் இடத்தையும் திருத்தச் செயலிகளிலேயே பொத்தான் இருக்கிறது. ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் திருத்த வேண்டும் என்று பொய்யருக்குத் தோன்றுவதில்லை, ஏனென்றால் அவர் அவற்றைப் படிப்பதே இல்லை. முற்றிலும் முடியாதது அல்ல. தெரிந்தவர் கட்டளை வரியில் எல்லாவற்றையும் மாற்றலாம். வெளிச்சமான திண்ணையில் வைத்துத் திரையைப் படம் பிடித்தால் கணக்கு ஓரளவு நெருங்கிவிடும். அப்போது பூதக்கண்ணாடிதான் துணை: திரையின் புள்ளிவரிசை உண்டாக்கும் அலைக்கோடுகள், ஓரத்தில் தெரியும் சட்டம், எல்லா ஆட்களும் ஒரே தளத்தில் ஒட்டியது போன்ற தட்டையான தோற்றம்.

இதுவரை ஸ்கிரீன்ஷாட்டை ஒரு நேர்மையான பிரதி என்று எடுத்துக்கொண்டே பேசினோம். அது உண்மையில் ஒரு பக்கத்தின் படம், வேறொன்றுமில்லை. அந்தப் பக்கம் இந்தப் படத்துக்குரியதுதான் என்று கட்டிவைக்கும் கயிறு அதில் எதுவும் இல்லை. பல செயலிகளில் விவரப் பக்கத்தைத் திறந்தால் படத்தின் ஒரு துண்டுதான் மேலே தெரியும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்றின் பக்கத்தை மற்றொன்றுக்குக் காட்டினாலும் தெரியாது. எழுத்தை அழித்து எழுதுவதோ இன்னும் சுலபம். கல்லூரிகளும் அலுவலகங்களும் கேட்கும், மூலையில் வரைபடமும் முகவரியும் அச்சிட்ட படங்களும் இதே ரகம். அந்த அச்சு படத்தின் மேல் போட்ட எழுத்து, அவ்வளவே. சில செயலிகள் இடத்தைக் கையால் தேர்ந்தெடுக்கவும் விடுகின்றன.

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு "இது பொய்" என்று சில சமயம் சொல்ல முடியும், "இது அசல்" என்று ஒருபோதும் சொல்ல முடியாது. முரண்பாடு ஒன்று போதும் சந்தேகிக்க. பொருத்தம் எத்தனை இருந்தாலும் உறுதிசெய்யப் போதாது. அடுத்த படி கோப்பைக் கேட்பதுதான். வாட்ஸப்பில் கேலரி வழியே அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொன்னால் குறிப்புகள் உதிராமல் வரும். ஐபோன்காரர் பகிரும்போது இடத்தை விலக்கும் தெரிவைப் போட்டிருந்தால் இடம் வராது. அதற்காக அவரைச் சந்தேகிக்கக் கூடாது.

கோப்பு கைக்கு வந்ததும் ஃபில் ஹார்வி 2003 முதல் இலவசமாகத் தரும் எக்சிஃப்டூல் என்ற நிரலில் இப்படிக் கேட்கலாம்:

```
exiftool -a -G1 -s padam.jpg
```

விவரப் பக்கம் நான்கு வரியில் சொன்னது இங்கே நூறு வரிக்கும் மேல் விரியும். அவற்றில் நேரத்துக்கு இரண்டு வரிகளை ஒப்பிட்டால் போதும். `DateTimeOriginal` என்பது கைபேசியின் கடிகாரம் சொன்ன உள்ளூர் நேரம். `GPSDateStamp`, `GPSTimeStamp` இரண்டும் செயற்கைக்கோள் வழியே வந்த உலக நேரம், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. மே 12 காலை 5:10-க்குக் கைபேசியில் எடுத்த படத்தில் ஜிபிஎஸ் வரி மே 11, 23:40 என்று இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே நேரம் இருந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது. விண்டோஸில் தேதியை மட்டும் மாற்றியவர் ஜிபிஎஸ் வரியைத் தொட்டிருக்க மாட்டார், பழைய ஆண்டு அங்கே அப்படியே கிடக்கும். சில நிமிட வித்தியாசம் குற்றமல்ல. கைபேசி மாட்டுத்தாவணியில் பிடித்த இடக்குறிப்பையே ஆற்றங்கரை வரை சுமந்து வந்திருக்கலாம். பிக்சல் கைபேசிகளில் மற்றொரு பொறி உண்டு. அவை கோப்பின் பெயரை உலக நேரத்தில் வைக்கும். காலை 5:55 படத்தின் பெயர் `PXL_20250512_002512345.jpg` என்று இருப்பது இயல்பு. அதைக் கண்டு "பெயரில் நள்ளிரவு, பக்கத்தில் காலை" என்று குற்றம் சாட்டுபவர் ஏமாறுவார்.

கேமராவே படத்துக்குக் குறியீட்டுக் கையொப்பம் இடும் முறையும் வந்திருக்கிறது. 2023-இல் லைக்கா எம்11-பி கேமராவில் தொடங்கி, இப்போது சில கைபேசிகளிலும் இருக்கிறது. பின்னால் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் உடைந்துவிடும் என்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மேசைமேல் கிடக்கும் அச்சுப்படத்தை அந்தக் கேமராவால் எடுத்தாலும் அது மனமுவந்து கையொப்பமிடும். 2025-இல் நிக்கான் நிறுவனம் இதே சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றுகளைத் திரும்பப் பெற்றது. கேமராவின் பல்வெளிப்பாட்டு வசதியைப் பயன்படுத்தி, அந்தக் கேமராவில் எடுக்காத படத்துக்கும் கையொப்பம் வாங்கலாம் என்று ஒருவர் காட்டிவிட்டார்.

சட்டம் ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். மின்னணுப் பதிவின் நகலைத் தருபவர் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 65பி பிரிவிலேயே இருந்தது. அது கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. புதிய சட்டம் சான்றிதழை இரண்டு பகுதியாக்கியது. ஒன்றைப் பதிவை வைத்திருப்பவரும் மற்றொன்றை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹேஷ் எண்ணைக் குறிக்க வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அந்த நீண்ட எண், ஒரு புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். விவரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் ஹேஷ் எடுக்கலாம். அது அந்த ஸ்கிரீன்ஷாட்டின் எண்ணாக இருக்கும், படத்தின் எண்ணாக இராது. எனவே மதுரைக் கிளையிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஒரு படத்தைக் காட்ட வேண்டிய நிலை வரும் என்று தோன்றினால், விவரப் பக்கத்தைப் படம் பிடிப்பதைவிட, அந்தக் கைபேசியை மாற்றாமல், கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதுதான் பயன்படும். கோப்பின் நகலை விண்டோஸ் கணினியில் வைத்து, வேறெங்கும் அனுப்புவதற்கு முன் அதன் எண்ணை இப்படி எடுத்து, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளலாம்:

```
certutil -hashfile padam.jpg SHA256
```